சரக்குத் தீர்ந்த கடையும் ஓயாத விளம்பரமும்

செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்த வணிகர் ஒருவரின் நிலையை முதலில் எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவருடைய விளம்பரம் வெளிவருகின்றது. திங்கட்கிழமை நண்பகலுக்குள் விளம்பரத்திற் சொன்ன பொருள் முழுவதும் விற்றுத் தீர்ந்துவிடுகின்றது. செவ்வாய்க்கிழமை வருவோர் வெறுங்கையோடு திரும்பிச் செல்கின்றனர். அவர்களுக்கு ஏமாற்றம்; வணிகருக்குச் சிறிது வெட்கம். ஆயினும் அவர் பத்திரிகைக்குக் கொடுத்த பணம் அன்றோடு கொடுத்து முடிந்த பணம். எத்தனை பேர் வந்து திரும்பினாலும் அந்த விளம்பரத்துக்காக அவர் இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

இணையத்தில் விளம்பரம் செய்பவரின் நிலை இதற்கு முற்றிலும் வேறானது. கூகிள் போன்ற தேடற்பொறியில் ஒருவர் 'மேசை மின்விசிறி விலை' என்று எழுதித் தேடுகின்றார். விடைகளின் மேற்பகுதியில் ஒரு கடையின் விளம்பரம் தோன்றுகின்றது. அது தோன்றுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. தேடுபவர் அதன்மேல் விரலால் தட்டிக் கடையின் இணையத்தளத்துக்குள் நுழையும் அந்தக் கணத்திலேதான் கட்டணம் விழுகின்றது. இந்தத் தட்டலைச் சொடுக்கு என்று அழைப்போம். சொடுக்கியவர் பொருளை வாங்கினாரா, வாங்கவில்லையா என்பது கட்டணத்தைப் பொறுத்தவரை ஒரு பொருட்டன்று. பொருள் இருந்ததா என்பதும் அவ்வாறே. ஆகவே, சரக்குத் தீர்ந்த பின்னரும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால், ஏமாறித் திரும்பும் ஒவ்வொருவருக்கும் கடைக்காரர் தம் பையிலிருந்து பணம் கொடுத்துக்கொண்டிருக்கின்றார் என்று பொருள். இந்த ஒழுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அடைப்பது, அடைத்ததை எப்பொழுது திறப்பது என்பவை பற்றியே இன்று சிறிது விரிவாகப் பேச எண்ணுகின்றேன். நம் ஊர்களிலும் சிறு வணிகர் பலர் இப்பொழுது இவ்வாறு விளம்பரம் செய்கின்றனர். அவர்களுக்கும் அவர்களின் கணக்கைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது பயன்படக்கூடும்.

கணக்கு விளங்குவதற்காகக் கற்பனையாக ஒரு கடையை அமைத்துக்கொள்வோம். மின்விசிறி விற்கும் கடை. ஐந்து வகை விசிறிகள் உள்ளன. அவற்றுள் மேசைமேல் வைக்கும் சிறிய விசிறி ஒன்றையே மக்கள் விரும்பி வாங்குகின்றனர். கடைக்காரர் நாளொன்றுக்கு 6,000 ரூபாவை விளம்பரத்துக்கென்று ஒதுக்கியிருக்கின்றார். ஒரு சொடுக்குக்கு 30 ரூபா ஆகின்றது என்று கொண்டால் நாளொன்றுக்கு 200 சொடுக்குகள் கிடைக்கும். அவற்றுள் 120 அந்தச் சிறிய விசிறிக்கு உரியவை. சொடுக்கி வருவோரில் இருபத்தைந்து பேருக்கு ஒருவர் வாங்குகின்றார். ஆகவே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து சிறிய விசிறிகள் விற்பனையாகின்றன.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு அந்த விசிறி தீர்ந்துவிடுகின்றது. கடைக்காரர் கதவைப் பூட்டி வீடு செல்கின்றார். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு வந்து பார்க்கும்போதுதான் விடயம் தெரியவருகின்றது. இடையிற் கழிந்தவை 63 மணித்தியாலங்கள். நாளுக்கு 120 என்றால் மணிக்கு 5 சொடுக்கு. அறுபத்து மூன்று மணித்தியாலத்துக்கு 315 சொடுக்குகள். அவற்றின் விலை 9,450 ரூபா. தொகை பெரிதன்று எனச் சிலர் எண்ணலாம். ஆனால் ஒரு விசிறியில் அவருக்குக் கிடைக்கும் இலாபம், விளம்பரச் செலவைக் கழிக்குமுன், 1,500 ரூபா என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து சொடுக்குக்கான 750 ரூபா போக மிஞ்சுவது 750 ரூபாவே. இழந்த பணத்தை மீட்க அவர் இன்னும் ஏறக்குறைய பதின்மூன்று விசிறிகளை விற்க வேண்டும். விற்பதற்கோ விசிறி இல்லை.

விளம்பரத்தை நடத்துகின்ற கூகிளுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். கூகிளிடம் ஒரு தானியங்கி உண்டு. விளம்பரங்கள் காட்டும் பக்கங்களுக்கு அது அவ்வப்போது சென்று பார்த்துவரும். பக்கம் திறக்கவில்லையெனில் அந்த விளம்பரத்தை ஏற்க மறுத்துவிடும். இருப்பில் இல்லாத பொருளை விளம்பரம் செய்யக்கூடாது என்ற விதியும் கூகிளின் விளம்பர விதிகளில் இருக்கின்றது. எனினும் அந்தத் தானியங்கி நிமிடந்தோறும் வந்து பார்ப்பதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஓர் இணையப் பக்கத்தைக் கேட்டால், அதை அனுப்பும் கணினி முதலில் ஓர் எண்ணைத்தான் விடையாகத் தரும். 200 என்றால் 'பக்கம் நலமாக இருக்கின்றது' என்று பொருள். 404 என்றால் 'அப்படி ஒரு பக்கமே இல்லை'. 503 என்றால் 'இப்பொழுது என்னால் இயலாது'. சரக்குத் தீர்ந்த பக்கமோ எந்தப் பழுதும் இல்லாத பக்கம். படம் இருக்கின்றது, விலை இருக்கின்றது, கீழே சிறிய எழுத்தில் 'இருப்பில் இல்லை' என்ற வரியும் இருக்கின்றது. ஆகவே அதை அனுப்பும் கணினி 200 என்றே சொல்லும். கதவு திறந்திருப்பதை இயந்திரம் காண்கின்றது; அலுமாரி வெறுமையாக இருப்பதை அது காண்பதில்லை.

இதனால், இருப்புப் பற்றிய செய்தியைக் கடைக்காரர்தாம் இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பது விளம்பரத்தின் வகையைப் பொறுத்தது. படமும் விலையுமாகத் தோன்றும் பொருள் விளம்பரங்களுக்குக் கடைக்காரர் ஒரு பொருட்பட்டியலைக் கூகிளுக்கு அனுப்பிவைத்திருப்பார். அப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் `availability` என்ற ஒரு கட்டம் உண்டு. பொருள் இருந்தால் அதில் `in_stock` என்றும், தீர்ந்தால் `out_of_stock` என்றும் எழுத வேண்டும். `out_of_stock` என்று எழுதப்பட்ட பொருளின் விளம்பரம் தானே ஓய்ந்துவிடும். மற்ற நான்கு விசிறிகளின் விளம்பரம் வழக்கம்போல் நடக்கும். பட்டியலிலிருந்து அந்தப் பொருளையே வெட்டி எறிந்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டாத வேலை. மாணவன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை என்பதற்காக அவன் பெயரை இடாப்பிலிருந்து நீக்குவார் உண்டா? வரவில்லை என்று குறித்தாற் போதும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டியலில் 'இருக்கின்றது' என்றும் பக்கத்தில் 'இல்லை' என்றும் இருந்தால், கூகிள் அந்த முரண்பாட்டைக் கண்டு பொருளைத் தள்ளிவைக்கும். இரண்டும் ஒரே வேளையில் மாறவேண்டும். கடையின் இருப்பேட்டிலிருந்து பக்கமும் பட்டியலும் தாமாகவே மாறும்படி இணைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. நாளுக்கொருமுறை மட்டும் பட்டியலை அனுப்புபவர்களுக்கு, காலையில் அனுப்பிய பட்டியல் மாலையிற் பொய்யாகிவிடும். பக்கத்தின் உள்ளே இருப்புநிலையை இயந்திரம் வாசிக்கும் வகையில் எழுதிவைத்து, அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளக் கூகிளுக்கு அனுமதி கொடுத்தால் இந்த இடைவெளி குறையும், முற்றாக நீங்கிவிடாது.

எழுத்து மட்டும் உள்ள தேடல் விளம்பரங்களுக்கு இத்தகைய பட்டியல் இல்லை. அங்கே கையாலேயே நிறுத்திவைக்க வேண்டும். எதை நிறுத்துவது என்பதில் அவசரம் கூடாது. விளம்பரக் கணக்கு ஒரு பாடசாலையைப் போல அடுக்கடுக்காக அமைந்தது. மேலே பிரசாரம், அதனுள் விளம்பரக் குழுக்கள், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் தேடுசொற்களும் விளம்பரங்களும். ஒரு வகுப்பில் ஆசிரியர் இல்லையென்று பாடசாலையை மூடுவதில்லையே. சிறிய விசிறிக்கெனத் தனிக் குழு இருந்தால் அந்தக் குழுவை மட்டும் நிறுத்திவைத்தல் வேண்டும். ஐந்து விசிறிகளையும் ஒரே குழுவில் அள்ளிப் போட்டிருப்பவருக்கு இந்த வசதி இல்லை. ஒன்றுக்காக ஐந்தையும் நிறுத்த வேண்டியிருக்கும். பொருளுக்கு ஒரு குழு என்று தொடக்கத்திலேயே பிரித்து அமைப்பதன் அருமை, சரக்குத் தீரும் நாளிலேதான் தெரியும்.

நிறுத்திவைத்தல் வேறு, நீக்குதல் வேறு என்பதையும் மறந்துவிடக்கூடாது. நிறுத்திவைத்த குழுவை மீண்டும் ஓடச் செய்யலாம். நீக்கிய குழுவை மீட்க முடியாது. புதிதாகத்தான் ஆக்க வேண்டும். திரையில் இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்திலே நிற்கின்றன.

எல்லாச் சமயத்திலும் நிறுத்தத்தான் வேண்டுமா? எப்பொழுது சரக்கு வரும் என்பதைப் பொறுத்தது. அடுத்த புதன்கிழமை வந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால், பட்டியலில் `backorder` என்று குறித்து, எந்த நாளில் அனுப்பப்படும் என்ற தேதியையும் கொடுத்து, முன்பணம் பெற்று விற்கலாம். காத்திருக்க மனமுள்ளோர் வாங்குவர். ஆனால் வெயிலில் வெந்து விசிறி தேடுபவர் எத்தனை நாள் காத்திருப்பார்? நூலுக்கும் தளபாடத்துக்கும் பொருந்தும் முறை விசிறிக்குப் பொருந்துமென்று எனக்குத் தோன்றவில்லை. அதே விலையில் அதே பயன் தரும் வேறொரு விசிறி கடையில் இருந்தால், விளம்பரத்தை அந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். விளம்பர வாசகத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். வாசகத்தை மாற்றினால் அது மறுபடியும் கூகிளின் பரிசீலனைக்குச் செல்லும். பெரும்பாலும் ஒரு வேலைநாளுக்குள் முடிந்துவிடும். எனவே சில நாட்கள் நீடிக்கும் தட்டுப்பாட்டுக்கே இது ஏற்றது; இரண்டு மணித்தியாலக் குறைவுக்கு ஏற்றதன்று. ஒன்றை விளம்பரம் செய்து வேறொன்றை விற்கும் பழைய தந்திரம் இதற்குள் நுழைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நாட்டிலே உணவுக் கடைகள், விளம்பரம் செய்த பண்டத்தைக் கையிருப்பில் வைத்திராமல் மக்களை அலைக்கழிப்பதைத் தடுக்க 1971 ஆம் ஆண்டிலேயே மத்திய வணிக ஆணையம் ஒரு விதியை வகுத்தது. இணையத்துக்கு முந்திய குறைபாடுதான் இது.

முழுவதும் தீரும்வரை காத்திராமல் முன்னதாகவே விளம்பரத்தைத் தளர்த்துவது நல்லது. நாளொன்றுக்கு ஐந்து விசிறி விற்கும் கடையில், இருப்பு ஐந்தாகக் குறைந்ததும் விளம்பரத்தை நிறுத்தலாம். எஞ்சிய ஐந்தும் விளம்பரம் இன்றியே போய்விடும். ஒரே விசிறியை இருவர் ஒரே வேளையில் வாங்கி ஒருவர் ஏமாறும் நிலையும் அரிதாகும். ஆனால் திறப்பதற்கும் அதே எண்ணை வைத்தல் ஆகாது. ஒருவர் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் இருப்பு ஐந்திலிருந்து ஆறாகும். விளம்பரம் ஓடத் தொடங்கும். ஒன்று விற்றதும் மீண்டும் நிற்கும். இப்படி நாளெல்லாம் நின்றும் ஓடியும் அல்லற்படாமல், நிறுத்துவதற்கு ஐந்து என்றும் திறப்பதற்குப் பதினைந்து என்றும் இரண்டு எண்களைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நன்று. பதினைந்து என்பது மூன்று நாள் விற்பனை. புதிய சரக்கு உண்மையாகவே வந்திறங்கினாலன்றி அந்த எண்ணை எட்ட முடியாது.

இனி, இரண்டாவது இடருக்கு வருவோம். சரக்கு நிறைய இருக்கின்றது, இணையத்தளமோ திறக்கவில்லை. இது கடைக்காரரின் குறையாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2021 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆம் நாள் உலகத்தின் பெரிய தளங்கள் பல ஒரே நேரத்தில் வீழ்ந்தன. நியூயோர்க் ரைம்ஸ், கார்டியன் முதலிய பத்திரிகைகளின் தளங்களும் பிரித்தானிய அரசாங்கத்தின் தளமும் அவற்றுள் அடங்கும். காரணம், அவற்றின் பக்கங்களை இடைநின்று விநியோகிக்கும் ஃபாஸ்ட்லி என்ற ஒரே நிறுவனம். அதன் மென்பொருளில் மறைந்திருந்த ஒரு பிழையை, வாடிக்கையாளர் ஒருவர் முறைப்படி செய்த ஓர் அமைப்பு மாற்றம் கிளப்பிவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் நிறுவனம் அதைக் கண்டது. 49 நிமிடங்களுக்குள் அதன் வலையமைப்பில் நூற்றுக்கு 95 பங்கு வழமைக்குத் திரும்பியதாக நிறுவனமே அறிவித்தது.

அந்த நாற்பத்தொன்பது நிமிடத்தை எண்ணிப் பாருங்கள். கடைக்காரருக்கு யாரேனும் தொலைபேசியிற் சொல்லி, அவர் கணினியைத் திறந்து, கடவுச்சொல்லைத் தேடி எடுத்து விளம்பரத்தை நிறுத்துவதற்குள் தளம் மீண்டும் எழுந்திருக்கும். பிறகு நிறுத்தியதைத் திறக்க மறந்துவிடுவார். இத்தகைய குறுகிய வீழ்ச்சிக்குக் கைவேலை உதவாது. இயந்திரத்தை இயந்திரமே காவல் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை தளத்தைத் தட்டிப் பார்த்து, விடை வராவிட்டாற் செய்தி அனுப்பும் கண்காணிப்புச் சேவைகள் உண்டு. சிறு கடைகளுக்கு இலவசமாகவே கிடைப்பனவும் அவற்றுள் உள. ஒருமுறை விடை வரவில்லையென்றதும் பதறாமல், அடுத்தடுத்து இருமுறை வராவிட்டால் மட்டும் வீழ்ச்சி என்று கொள்ளும்படி அமைக்க வேண்டும். ஒருமுறை தடுமாறுவது எல்லாத் தளங்களுக்கும் இயல்பே.

கூகிளின் விளம்பரக் கணக்குக்குள்ளேயே சிறு கட்டளை நிரல்களை எழுதிவைக்கும் வசதியும் உண்டு. நிரல் ஒவ்வொரு விளம்பரப் பக்கத்துக்கும் சென்று, அது தரும் எண்ணைப் பார்த்து, பழுதெனில் அக்குழுவை நிறுத்திவிடும். பக்கத்தின் எழுத்துகளையும் அது வாசிக்கும். 'இருப்பில் இல்லை' என்ற வரி தென்பட்டால் நிறுத்து என்று சொல்லிவைக்கலாம். முன்பு சொன்ன வெற்று அலுமாரியை இயந்திரம் காண்பதற்கு இதுவே ஒரு வழி. ஆனால் இந்நிரல்கள் அடிக்கடி ஓடக்கூடிய அளவு மணிக்கு ஒருமுறைதான். எனவே நாற்பத்தொன்பது நிமிட வீழ்ச்சியை அவை காணாமலே விட்டுவிடவும் கூடும். சரக்குத் தீர்ந்ததைக் கண்டுபிடிக்க மணிக்கொருமுறை போதும். வெள்ளிக்கிழமை மாலை நாம் கண்ட 9,450 ரூபா இழப்பு, இந்த நிரல் இருந்திருந்தால் 150 ரூபாவைத் தாண்டியிராது.

வீட்டிலிருந்து தாமே சரிபார்ப்பவர்களுக்கு இரண்டு சொல். தம் விளம்பரத்தைத் தாமே சொடுக்கிப் பார்க்கக்கூடாது. அது செலவாகவும் ஆகலாம், கணக்கையும் குழப்பும். தளத்தின் முகவரியை எழுதியே திறக்க வேண்டும். அன்றியும், முன்பு பலமுறை பார்த்த பக்கத்தைத் தொலைபேசி தன் நினைவில் வைத்திருந்து காட்டிவிடும். தளம் செத்துக் கிடக்கையிலும் உரிமையாளருக்கு மட்டும் உயிரோடு தோன்றும். வேறொருவரின் தொலைபேசியில், வேறு இணைப்பில் பார்ப்பதே உறுதி.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. தளம் திறக்கின்றது, சரக்கு இருக்கின்றது, வாங்குபவர் பணம் செலுத்தும் கட்டத்துக்கு வந்ததும் அந்தப் பக்கம் மட்டும் இயங்க மறுக்கின்றது. வங்கியோடு இணைக்கும் தொடர்பு அறுந்திருக்கலாம். முதற்பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் காவலருக்கு எல்லாம் 200 என்றே தோன்றும். விற்பனை நின்றுபோனது என்பது ஒன்றே அடையாளம். ஆனால் விற்பனை இல்லாத மணித்தியாலங்கள் நல்ல கடைக்கும் உண்டே. அது தற்செயலா, பழுதா என்று எப்படி அறிவது?

இதற்கு நிகழ்தகவுக் கணக்கு விடை சொல்லும். வருவோரில் இருபத்தைந்து பேருக்கு ஒருவர் வாங்குவார் எனில், ஒருவர் வாங்காமற் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 96. இருபத்தைந்து பேர் வரிசையாக வாங்காமற் போவதற்கு 0.96 என்ற எண்ணை இருபத்தைந்து முறை தன்னால் தானே பெருக்க வேண்டும். விடை 0.36. அதாவது மூன்று முறைக்கு ஒருமுறையினும் சற்று அதிகமாகவே அது நடக்கும், அஞ்ச வேண்டியதில்லை. ஐம்பது பேர் வாங்காமற் போவது நூற்றுக்கு 13 முறை. எழுபத்தைந்து பேர் போவது நூற்றுக்கு ஐந்து முறைக்கும் குறைவு. நூறு பேர் போவது நூற்றுக்கு இரண்டு முறைக்கும் குறைவு. ஆகவே நம் கடைக்காரர் எழுபத்தைந்து சொடுக்குகள் ஒரு விற்பனையுமின்றிக் கழிந்தால், விளம்பரத்தை நிறுத்துமுன், தாமே ஒரு விசிறியை வாங்குவதுபோற் பணம் செலுத்தும் படிவரை சென்று பார்க்க வேண்டும். நாளுக்கு 200 சொடுக்குப் பெறுபவருக்கு இது ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம். நூற்றுக்கு ஒருவரே வாங்கும் கடையில் எழுபத்தைந்து என்பது ஒன்றையும் காட்டாது. அங்கே முந்நூறு வரை பொறுக்க வேண்டியிருக்கும். அவரவர் கடையின் எண்ணைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

பழுது நீங்கியபின் செய்ய வேண்டியது ஒன்று, பலருக்கும் தெரியாதது. இன்று பெரும்பாலோர் ஒவ்வொரு சொடுக்குக்கும் எவ்வளவு விலை கூறுவது என்பதைக் கூகிளின் இயந்திரத்திடமே விட்டுவிடுகின்றனர். முன்பு எத்தகைய தேடல்கள் விற்பனையில் முடிந்தன என்பதைப் பார்த்தே அது விலையை முடிவு செய்கின்றது. பணம் செலுத்தும் பக்கம் ஒரு நாள் முழுவதும் பழுதாகியிருந்தால், அந்த நாளின் இருநூறு சொடுக்குகளும் விற்பனையே தராதவை என்று இயந்திரம் கற்றுக்கொள்ளும். நல்ல வாடிக்கையாளரைப் பயனற்றவர் என்று எண்ணி அடுத்த நாட்களில் விலையைக் குறைத்துவிடும். பழுது நீங்கியும் விற்பனை மந்தமாயிருப்பதற்கு இது ஒரு காரணம்.

இதைத் திருத்தக் கணக்கில் `Data exclusions` என்ற ஓர் அமைப்பு உண்டு. இன்ன நாளிலிருந்து இன்ன நாள்வரை கிடைத்த தகவலைக் கருத்திற்கொள்ளாதே என்று அதன்மூலம் இயந்திரத்துக்குச் சொல்லலாம். இதிலே ஒரு நுட்பம் இருக்கின்றது. இங்கே குறிக்கப்படும் நாள் சொடுக்கு நிகழ்ந்த நாள். விற்பனை நிகழ்ந்த நாளன்று. திங்கட்கிழமை சொடுக்கிப் பார்த்துவிட்டுப் புதன்கிழமை வாங்க வருபவர்கள் பலராயின், புதன்கிழமைப் பழுது திங்கட்கிழமைச் சொடுக்குகளையும் பயனற்றவைபோற் காட்டியிருக்கும். எனவே பழுது நேர்ந்த நாளை மட்டுமன்றி, வழக்கமாக வாங்குவதற்கு எத்தனை நாள் தாமதமாகின்றதோ அத்தனை நாள் பின்னோக்கியும் விலக்க வேண்டும். ஆயினும் இந்த மருந்தை அடிக்கடி கொடுத்தல் ஆகாது என்று கூகிளே எச்சரிக்கின்றது. அரை மணி நேரத் தடுமாற்றத்துக்கெல்லாம் விலக்கிக்கொண்டிருந்தால் இயந்திரம் கற்பதற்கு ஒன்றும் எஞ்சாது.

இறுதியாக, நிறுத்தியவற்றைத் திறக்கும் வேலை. கடைக்காரர் பருவம் முடிந்ததென்று சென்ற மாதமே நிறுத்திவைத்த குழுக்கள் சில இருக்கும். இன்று நிரல் நிறுத்தியவை சில இருக்கும். பழுது நீங்கியதும் 'எல்லாவற்றையும் திற' என்று சொன்னால், சென்ற மாதம் வேண்டாமென்று விட்டவையும் சேர்ந்து எழுந்து பணத்தை விழுங்கத் தொடங்கும். இதைத் தவிர்க்க, சரக்கின்மையால் நிறுத்தும் ஒவ்வொரு குழுவிலும் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டிவைக்கும் வசதி கணக்கில் உண்டு. 'இருப்பு' என்ற சீட்டுள்ளவற்றை மட்டும் திறந்து, திறந்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். யார், எப்பொழுது, எதை நிறுத்தினார் என்பதை மாற்றங்களின் வரலாற்றிலும் பார்க்கலாம். ஆனால் ஏன் நிறுத்தினார் என்பது அதில் இராது.

திறந்த முதல் இரண்டு நாட்களும் செலவைக் கவனித்துக்கொள்ள வேண்டும். 6,000 ரூபா என்று நாம் ஒதுக்கும் தொகையைக் கூகிள் ஒரு சராசரியாகவே கொள்கின்றது. ஒரு நாளில் அதன் இருமடங்கு வரை, அதாவது 12,000 ரூபா வரை, செலவாக இடமுண்டு; மாதக் கணக்கில் மட்டுமே சராசரியை மீறாது பார்த்துக்கொள்கின்றது. மூன்று நாள் நின்றிருந்த பிரசாரம் மீண்டும் ஓடும்போது ஒரு நாளில் இருமடங்கு செலவானால் அது பிழையன்று. ஆனால் புதிதாக வந்திறங்கியவை இருபது விசிறிகளே எனில், அந்த வேகத்தில் அவை எத்தனை நாளுக்குக் காணும் என்று முன்னரே கணக்கிட்டு, ஒதுக்கும் தொகையை முதல் வாரத்துக்கு 3,000 ரூபாவாகக் குறைத்து வைப்பது நன்று.